வெண்டை, பயத்தங்காய், மிளகாய்: அட்டவணையில் லாபம் தெரிகிறது, நடுவில் கையில் காசு இல்லை

வால்டோர் தோட்டம், 8 ஜூன் 2025

அப்பாவிடமிருந்து தோட்டத்தை நான் எடுத்துக்கொண்டபின் போடும் அட்டவணை இது. இடம் வால்டோர், செபராங் பிறை தெற்கு. மூன்று துண்டு நிலம், மூன்று பயிர். மிளகாய்க்கு நாற்று விடும் தேதி, மற்ற இரண்டுக்கும் நேரடி விதைப்பு. பணம் எல்லாம் மலேசிய வெள்ளியில்.

| நிலம் | பயிர் | விதைப்பு | செலவு | விளைச்சல், கிலோ | கிலோ விலை | வருமானம் |
|---|---|---|---|---|---|---|
| மேட்டு நிலம், 1 ஏக்கர் | வெண்டை | 15.07 | 5,400 | 4,500 | 2.50 | 11,250 |
| வாய்க்கால் ஓரம், முக்கால் ஏக்கர் | பயத்தங்காய் | 20.07 | 5,100 | 3,000 | 2.80 | 8,400 |
| வீட்டுப் பின்னால், அரை ஏக்கர் | மிளகாய் | 01.07 | 6,800 | 2,500 | 6.00 | 15,000 |

மொத்தச் செலவு 17,300, வருமானம் 34,650, மீதி 17,350. அப்பாவும் வருடா வருடம் இப்படித்தான் நோட்டில் எழுதுவார். கடைசியில் லாபம் என்றுதான் வரும். ஆனால் ஒவ்வொரு தடவையும் பயிர் நன்றாக நிற்கும் நேரத்தில்தான் உரக்கடையில் கடன் சொல்ல வேண்டி வருகிறது. இந்த அட்டவணையில் எந்தப் பத்தி இல்லை என்று சொல்லுங்கள்.

கப்பளா பத்தாஸ் நெல்லு, 8 ஜூன்

ஒரு ரெலோங்குக்கு 4,500 கிலோ வெண்டையா? நம்ப முடியவில்லை. நெல்லிலேயே அவ்வளவு எடுக்க ஆகாது. எங்களுக்கு இந்த வருடம் நெல்லின் அடி விலையை டன்னுக்கு 1,500 வெள்ளியாக உயர்த்தினார்கள். ஆனால் ஆலையில் ஈரம், பதர் என்று கழித்ததுபோகத்தான் கைக்கு வரும். அட்டவணையில் கழிவுக்கு ஒரு இடம் வையுங்கள்.

வால்டோர் தோட்டம், 8 ஜூன்

அண்ணே, ரெலோங் இல்லை, ஏக்கர். ஒரு ரெலோங் முக்கால் ஏக்கருக்கும் கொஞ்சம் குறைவு. ஆனால் கழிவு பற்றிச் சொன்னது சரி. அப்பா கூடையில் ஏற்றுவதைத்தான் விளைச்சல் என்று எழுதுவார். வியாபாரி பணம் கொடுப்பது அதைவிடக் குறைந்த எடைக்கு.

பச்சை மிளகாய், 9 ஜூன்

விளைச்சலைக் குறைத்துப் போட்டிருக்கிறீர்கள். வெண்டை ஹெக்டருக்கு 15 டன் வரும் என்று வகுப்பில் சொன்னார்கள். அப்படிப் பார்த்தால் ஏக்கருக்கு 6 டன். விலையும் 3 வெள்ளி போடலாம், புரட்டாசி வருகிறது. 18,000 வெள்ளி வர வேண்டிய நிலம் அது.

சுங்கை பாக்காப் பெரியவர், 9 ஜூன்

தம்பி, 6 டன் எடுக்கலாம். நல்ல மண், நெருக்கமான நடவு, ஒருநாள் விட்டு ஒருநாள் தவறாமல் பறிக்க ஆள், இவை மூன்றும் இருந்தால். தங்கச்சிக்குக் கணக்கு உதைப்பது விளைச்சலில் இல்லை. செலவு என்று ஒரே பத்தி வைத்திருக்கிறார் பாருங்கள், அங்கேதான்.

தோட்டச் செலவு இரண்டு வகை. முதல் காய் பறிக்கும் வரைக்கும் ஆகிற செலவு ஒன்று. அது போட்டாயிற்று, காய் வந்தாலும் வராவிட்டாலும் போனதுதான். மற்றது பறிக்கப் பறிக்க ஏறுகிற செலவு. ஆள் கூலி, லாரி, வியாபாரியின் கமிஷன். விளைச்சல் கூடினால் இதுவும் கூடும். இரண்டையும் சேர்த்து எழுதினால் எது எப்போது கேட்கும் என்று தெரியாது.

தங்கச்சி, வெண்டைக்கு மட்டும் பிரித்துப் போடுங்கள். பார்க்கலாம்.

வால்டோர் தோட்டம், 10 ஜூன்

பிரித்துவிட்டேன் ஐயா. பறிக்கும் முன் ஆகும் செலவு: உழவு 450, சுண்ணாம்பு 300, கோழி எரு 900, விதை 350, உரம் 700, மருந்து 400, களை எடுக்கக் கூலி 600. ஆக 3,700. மீதி 1,700 பறிப்புக்கு என்று அப்பா குத்துமதிப்பாக வைத்தது.

அந்த 1,700தான் நிற்கவில்லை. எங்கள் பக்கம் ஒரு ஆள் பறித்து, தரம் பிரித்து, கூடை கட்டி முடிக்கும்போது நாளைக்கு 100 கிலோ. கூலியைக் கணக்குப் பார்த்தால் கிலோவுக்கு 65 காசு விழுகிறது. 4,500 கிலோவுக்கு 2,925. லாரி கிலோவுக்கு 15 காசு. வியாபாரி விலையில் பத்துக்கு ஒன்று எடுத்துக்கொள்வார்.

வளைந்தது, முற்றியது, புழு அடித்தது என்று 500 கிலோ கழித்து விற்பது 4,000 கிலோ என்று வைத்தேன். வருமானம் 10,000. அதில் பறிப்பு 2,925, லாரி 600, கமிஷன் 1,000 போனால் 5,475. முன்செலவு 3,700 போனால் மீதி 1,775.

பழைய அட்டவணை இதே நிலத்துக்கு 5,850 மீதி என்று சொன்னது.

பச்சை மிளகாய், 10 ஜூன்

அப்படியானால் வெண்டையே போட வேண்டாமே.

சுங்கை பாக்காப் பெரியவர், 10 ஜூன்

அவசரப்படாதீர்கள். இப்போதுதான் ஒரு நல்ல எண் கைக்கு வந்திருக்கிறது. முன்செலவு, பறிப்பு, லாரி மூன்றையும் கூட்டுங்கள், 7,225. 4,000 கிலோவுக்குக் கமிஷன் போக 3,600 கிலோவின் விலைதான் நமக்கு. வகுத்தால் 2 வெள்ளி. பருவம் முழுக்கச் சராசரி 2 வெள்ளிக்கு மேல் போனால்தான் அந்த நிலம் மிஞ்சும். இந்த எண்ணை விலைப் பத்திக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

இன்னொரு எண்ணும் உண்டு. பறிப்பு, லாரி, கமிஷன் மட்டும் பார்த்தால் கிலோ கிட்டத்தட்ட 98 காசு. விலை அதற்குக் கீழே போனால் பறிக்கிற ஒவ்வொரு கிலோவும் கைநட்டம். மரவள்ளி என்றால் மண்ணிலேயே விட்டு வைக்கலாம். வெண்டையில் அது நடக்காது. காயைச் செடியில் முற்ற விட்டால் செடி பூ வைப்பதைக் குறைத்துவிடும். அடுத்த வாரம் விலை ஏறும்போது பறிக்கக் காய் இருக்காது. நட்டமானாலும் பறித்துக் கீழே போட வேண்டும். அந்தக் கூலிக்கும் கையில் காசு வேண்டும்.

வால்டோர் தோட்டம், 11 ஜூன்

கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டேன். C விதைப்புத் தேதி, D பறிக்கும் முன் செலவு, E பறிக்கும் கிலோ, F விற்கும் கிலோ. முதல் சூத்திரம் முதல் பறிப்புத் தேதி, இரண்டாவது நட்டம் வராத விலை.

```
=C2+48
=(D2+E2*0.65+F2*0.15)/(F2*0.9)
```

48 நாள் எங்கள் மேட்டு நிலத்தில் வெண்டைக்கு வருவது. உங்கள் விதைக்கும் மண்ணுக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

கணக்கு பார்ப்பவள், 11 ஜூன்

ஒரு கேள்வி அக்கா. உங்களிடம் மாதச் சம்பள ஆள் இருக்கிறாரா? இருந்தால் 65 காசு என்ற கணக்கு பாதிதான் உண்மை. பறித்தாலும் பறிக்காவிட்டாலும் அவருக்குச் சம்பளம் உண்டு. அதைக் கிலோவில் வகுத்து வெண்டை மேல் ஏற்றுவது எப்படிச் சரியாகும்?

வால்டோர் தோட்டம், 11 ஜூன்

ஒருவர் மாதச் சம்பளம். உச்சப் பறிப்பில் மட்டும் நாள் கூலிக்கு இரண்டு பேர் வருவார்கள். மாதச் சம்பளம் இப்போது 1,500. அரசாங்கத்தின் குறைந்தபட்சச் சம்பளப்படி ஆகஸ்டிலிருந்து 1,700 கொடுக்க வேண்டும்.

பச்சை மிளகாய், 11 ஜூன்

1,700 என்பது ஐந்து பேருக்கு மேல் வைத்திருப்பவர்களுக்குத்தான். உங்களுக்கு வராது.

கணக்கு பார்ப்பவள், 12 ஜூன்

ஐந்து பேரும் அதற்கு மேலும் வைத்திருப்பவர்களுக்குப் பிப்ரவரி 1 முதல். அதற்குக் குறைவாக வைத்திருப்பவர்களுக்கு ஆகஸ்ட் 1 முதல். அக்கா சொன்னதுதான் சரி. ஜூலையில் விதைத்தாலும் பறிப்பு முழுக்க ஆகஸ்டுக்கு அப்புறம்தான், ஆகவே புதிய சம்பளத்தில்தான் கணக்குப் போட வேண்டும்.

வால்டோர் தோட்டம், 13 ஜூன்

நேற்று இரவு முதல் பறிப்புத் தேதிகளை மூன்று நிலத்துக்கும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். கடன் எங்கே வருகிறது என்று அதில் தெரிந்துவிட்டது.

வெண்டை 15 ஜூலை விதைத்தால் முதல் பறிப்பு செப்டம்பர் 1. பயத்தங்காயும் எங்களுக்கு அதே 48 நாள்தான், 20 ஜூலை விதைத்தால் செப்டம்பர் 6. மிளகாய் நாற்று ஆகஸ்ட் முதல் வாரத்தில் நடவு, பழம் பறிக்க அக்டோபர் மூன்றாம் வாரம் ஆகிவிடும். முன்செலவு மட்டும் வெண்டைக்கு 3,700, பயத்தங்காய்க்குக் கம்பு, வலையோடு 3,600, மிளகாய்க்குப் பிளாஸ்டிக் விரிப்போடு 5,200. மொத்தம் 12,500. மொத்த வியாபாரி இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் கணக்கு முடிப்பார். ஆக, ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரைக்கும் 12,500 வெள்ளியும் மூன்று மாதச் சம்பளமும் வெளியே போகிறது, உள்ளே ஒரு காசு வரவில்லை. அட்டவணையைக் குறுக்கே படித்தால் லாபம். தேதி வாரியாகக் கீழே இறங்கிப் படித்தால் ஆகஸ்டில் பை காலி.

சுங்கை பாக்காப் பெரியவர், 13 ஜூன்

இதைத்தான் எதிர்பார்த்தேன். இப்போது ஆளையும் பாருங்கள். வெண்டை ஒருநாள் விட்டு ஒருநாள், பயத்தங்காயும் அப்படித்தான். இரண்டும் ஒன்றாக உச்சத்துக்கு வந்தால் உங்கள் ஆட்களால் இரண்டு நிலத்தையும் சுற்றிவர முடியாது. வெண்டை பிந்தும். பிந்தினால் முற்றும். பெருவிரலால் நுனியை வளைத்துப் பாருங்கள், பட்டென்று ஒடிந்தால் விற்கலாம். வளைந்து நார் தெரிந்தால் கழிவுக் கூடைக்குத்தான். இரண்டு நாள் தாமதத்தில் அந்த வித்தியாசம் வந்துவிடும். நீங்கள் போட்ட 500 கிலோ கழிவு 1,000 ஆகும்.

வெண்டைத் தேதியைத் தொடாதீர்கள். செப்டம்பர் 17 புரட்டாசி பிறக்கிறது, உங்கள் உச்சப் பறிப்பு அப்போதுதான் வரும். பினாங்கில் பாதி வீட்டில் அந்த மாதம் கறி மீன் கிடையாது. நகர்த்த வேண்டியது பயத்தங்காய். ஜூன் 25க்குள் போட்டுவிடுங்கள்.

பச்சை மிளகாய், 13 ஜூன்

புரட்டாசி விலையைப் பயத்தங்காய்க்கு விட்டுவிடச் சொல்கிறீர்கள். ஆகஸ்டில் விலை இறங்கிக் கிடக்கும். நான் பாதி ஜூனில், பாதி ஆகஸ்டில் போடுவேன்.

வால்டோர் தோட்டம், 14 ஜூன்

பச்சை மிளகாய் சொல்வதில் விலை உண்மை. ஆனால் வாய்க்கால் ஓரம் இருப்பது அந்த நிலம். எங்கள் பக்கம் செப்டம்பர், அக்டோபரில்தான் மழை அதிகம். தண்ணீர் ஏறினால் அங்கே வடிய நாள் ஆகும், பயத்தங்காய் வேர் அதைத் தாங்காது. ஆகஸ்டில் விதைத்த பாதி அக்டோபரில் நீரில் நிற்கும்.

25 ஜூனுக்குப் போட்டால் முதல் பறிப்பு ஆகஸ்ட் 12. மாதக் கடைசியில் முதல் கணக்கு கைக்கு வரும். அந்தக் காசில்தான் வெண்டைப் பறிப்புக்குக் கூலி கொடுக்கப் போகிறேன். விலையை 2.80இலிருந்து 2.40க்கு இறக்கிவிட்டேன். சுண்ணாம்பு ஜூன் 10ஆம் தேதியே போட்டாயிற்று, இரண்டு வாரம் ஆறிவிடும்.

பட்டர்வொர்த் காய்க்கடை, 16 ஜூன்

கடைக்காரனாக ஒரு வார்த்தை. தோட்டத்துக்காரர்கள் புரட்டாசி, தீபாவளி என்று ஒரே தேதிக்குக் குறிவைப்பதால் அந்த வாரம் எனக்கு வெண்டை குவிகிறது. புரட்டாசி முதல் வாரத்தில் நான் ஏற்றிக் கொடுக்கும் விலையை மூன்றாம் வாரத்தில் கொடுக்க மாட்டேன். சராசரியை 2.50 என்று வைத்தது நிதானம், ஏற்றாதீர்கள்.

கப்பளா பத்தாஸ் நெல்லு, 16 ஜூன்

பின் நிலத்தில் போன போகம் என்ன இருந்தது?

வால்டோர் தோட்டம், 16 ஜூன்

கத்தரி. ஏன் அண்ணே?

கப்பளா பத்தாஸ் நெல்லு, 16 ஜூன்

என் மச்சான் கத்தரிக்குப் பின்னால் மிளகாய் போட்டு முழுவதும் வாடிப் போயிற்று. அதான் கேட்டேன். எனக்கு நெல்லைத் தவிர ஒன்றும் தெரியாது.

சுங்கை பாக்காப் பெரியவர், 17 ஜூன்

நெல்லுக்காரர் கேட்டது மிக முக்கியமான கேள்வி. கத்தரி, மிளகாய், தக்காளி எல்லாம் ஒரே குடும்பம், ஒரே வாடல் நோய். கத்தரியில் ஏதாவது மூலையில் செடி இலை பச்சையாக இருக்கும்போதே பகலில் தொங்கிச் செத்ததா? கத்தரிச் செடி இன்னும் நிற்கிறது என்றால் வாடின ஒன்றை அடித்தண்டில் வெட்டுங்கள். கண்ணாடிக் குவளையில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டின முனை நீரில் படும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் பால் நூல்போல வெள்ளையாக இறங்கினால் மண்ணில் பாக்டீரியா இருக்கிறது. அங்கே மிளகாய் வேண்டாம்.

பச்சை மிளகாய், 17 ஜூன்

சுண்ணாம்பு தூக்கலாகப் போட்டால் சரியாகிவிடும். நான் போட்டிருக்கிறேன்.

சுங்கை பாக்காப் பெரியவர், 17 ஜூன்

புளித்த மண்ணுக்குச் சுண்ணாம்பு நல்லது, வாடல் கொஞ்சம் குறையவும் செய்யலாம். கிருமி மண்ணை விட்டுப் போகாது. 5,200 வெள்ளியைப் பிளாஸ்டிக் விரித்து நட்டுவிட்டுச் சோதித்துப் பார்க்கிற இடம் இல்லை அது.

வால்டோர் தோட்டம், 18 ஜூன்

வேலி ஓரத்தில் ஒரு வரிசை அப்படித்தான் வாடியிருந்தது. இன்று காலையில் தண்டை வெட்டிக் குவளையில் பிடித்தேன். முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம் வெட்டு வாயிலிருந்து மெல்லிய வெள்ளை இழை கீழே இறங்கிச் சுருண்டது. அம்மாவும் பக்கத்தில் நின்று பார்த்தார்கள்.

அட்டவணையில் 15,000 வருமானம் என்று எழுதிய வரி அது. எடுத்துவிட்டேன். அந்த நிலத்துக்குச் சோளம், விதைப்பு ஆகஸ்ட் 1, எங்கள் விதைக்கு 72 நாளில் அறுப்பு, அதாவது அக்டோபர் 12. வருமானம் மிளகாயில் பாதிகூட வராது. ஆனால் சோளத்துக்கு இந்த வாடல் வராது, முன்செலவும் மிகக் குறைவு, அறுப்பும் இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். ஆளை வெண்டையிலிருந்து நீண்ட நாள் பிரிக்க வேண்டாம்.

முதல் பத்திக்குப் பக்கத்தில் ‘போன போகம்’ என்று ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன்.

வால்டோர் தோட்டம், 2 செப்டம்பர்

பயத்தங்காய்ப் பணம் முதல் தவணை வந்தது. விலை 2.40ஐச் சுற்றித்தான். உரக்கடையில் இந்தப் போகம் கடன் இல்லை. வெண்டை பறிக்க ஆரம்பித்தாயிற்று, நாள் கூலிக்கு ஆள் சொல்லிவிட்டேன்.

வால்டோர் தோட்டம், 5 அக்டோபர்

மழை. வாய்க்கால் நிரம்பி ஓரத்து நிலத்தில் கணுக்கால் வரை தண்ணீர். பயத்தங்காய்ச் செடியை அதற்கு முன்பே பிடுங்கியாயிற்று. மேட்டு நிலம் பரவாயில்லை, ஆனால் மழையில் மருந்து நிற்கவில்லை, இன்னொரு முறை அடித்ததில் முன்செலவு 3,850 ஆகிவிட்டது. கடைக்காரர் சொன்னபடியே புரட்டாசி முதல் வாரம் 3.20 கிடைத்தது, இப்போது 2.30.

வால்டோர் தோட்டம், 9 நவம்பர்

கணக்கு முடித்தேன். சோளம் தனியாக எழுதுகிறேன், இன்னும் ஒரு கடை பணம் தர வேண்டும்.

வெண்டை: விற்றது 3,700 கிலோ, சராசரி 2.65, வருமானம் 9,805. கமிஷன் 980, லாரி 555, பறிப்பு 2,700, முன்செலவு 3,850. மீதி 1,720. ஜூனில் பிரித்துப் போட்ட 1,775க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது.

பயத்தங்காய்: விற்றது 2,300 கிலோ, சராசரி 2.40, வருமானம் 5,520. கமிஷன் 552, லாரி 345, பறிப்பு 1,500, முன்செலவு 3,600. கைநட்டம் 477.

அந்த வரியை மட்டும் பார்த்தால் அடுத்த போகம் பயத்தங்காய் கூடாது என்று தோன்றும். ஆனால் ஆகஸ்ட் கடைசியில் அந்தக் காசு வராமல் இருந்திருந்தால் வெண்டைக்கு நாள் கூலி கொடுக்க என்னிடம் பணம் இல்லை. இதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று இன்னும் யோசிக்கிறேன்.

கணக்கு பார்ப்பவள், 9 நவம்பர்

அக்கா, 3,600இல் கம்பும் வலையும் எவ்வளவு? அவை அடுத்த போகத்துக்கும் வருமே. ஒரே போகத்தின் தலையில் ஏற்றக் கூடாது.

வால்டோர் தோட்டம், 9 நவம்பர்

1,200. மூன்று போகம் வரும் என்று அப்பா சொல்வார். வகுத்தால் இந்தப் போகத்துக்கு 400தான். அப்படியானால் நட்டம் 477 மாறி, மீதி 323.

சுங்கை பாக்காப் பெரியவர், 10 நவம்பர்

மூங்கில் கம்பு நம் மழையில் மூன்று போகம் நிற்காது தங்கச்சி, மண்ணுக்குள் இருக்கிற முனை இரண்டாவது போகத்திலேயே மட்கும். இரண்டால் வகுங்கள். மீதி 123.

வால்டோர் தோட்டம், 10 நவம்பர்

இன்று கம்பைப் பிடுங்கி அடுக்கினோம். வாய்க்கால் பக்கத்து வரிசையில் பாதிக் கம்பு அடியில் மட்கிவிட்டது, மேட்டுப் பக்கத்து வரிசை இன்னும் கெட்டியாக இருக்கிறது. முனையை வெட்டினால் உயரம் போதுமா என்று அளக்க வேண்டும். அதற்குள் இரண்டால் வகுத்தே எழுதியிருக்கிறேன். மாதச் சம்பளத்தை நிலத்துக்கு நிலம் பிரிப்பதா, மொத்தத் தோட்டத்தின் மேல் ஒரே வரியாக வைப்பதா என்பது மட்டும் பாக்கி. நான் ஒரே வரி என்கிறேன், கணக்கு பார்க்கும் தங்கச்சி பறிப்பு நேரத்தை எழுதி வைத்துப் பிரிக்கச் சொல்கிறார். ஜனவரி வறட்சிக்கு என்ன போடுவது என்ற அட்டவணையை அடுத்த வாரம் இங்கேயே போடுகிறேன்.